இரண்டு கம்புகளும் ஒரு வண்டியும்

சிறு வயதில் ஒட்டடைக் கம்பை உள்ளங்கையில் நட்டு நிறுத்தி விளையாடாதவர்கள் குறைவு. கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை ஓட்ட வேண்டும். நீளமான கம்பு எளிதில் நிற்கும், பென்சிலை நிறுத்தவே முடியாது. குட்டையான கம்பு வேகமாக விழுவதுதான் காரணம்.

இந்த விளையாட்டை ஒரு மோட்டார் வண்டியிடம் கொடுப்போம். தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டி, அதன் மேல் கீல் வைத்து நிறுத்திய 1 மீட்டர் கம்பு, கம்பின் நுனியில் ஓர் எடை. கம்பின் எடை மிகச் சிறியது, எடையெல்லாம் நுனியில்தான் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே எடுத்துக்கொள்வோம். சாய்வுக் கோணம் θ, சாய்கிற வேகம் ω, சாய்கிற திசையில் வண்டியின் முடுக்கம் a என்றால், சிறு சாய்வுகளுக்குக் கம்பின் கதை ஒரே வரியில் அடங்கிவிடும்:

θ'' = 10θ − a

வண்டியை அசைக்காமல் விட்டால் என்ன ஆகும்? இந்தச் சமன்பாட்டுக்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன: +3.16, −3.16. பொறியியல் மாணவர்கள் இவற்றைத் துருவங்கள் என்கிறார்கள். காந்தத் துருவத்தோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. ஒரு சாய்வு தானாக வளருமா தேயுமா, எத்தனை வேகத்தில் என்று சொல்லும் எண்கள் இவை. குறை எண் என்றால் தேயும், கூட்டல் எண் என்றால் வளரும். +3.16 என்பதன் பொருள், சாய்வு ஏறத்தாழ 0.22 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பது. அதனால்தான் கம்பு விழுகிறது.

கட்டுப்பாட்டுப் பொறியாளரின் வேலை இந்தத் துருவங்களை வேறு இடத்துக்கு நகர்த்துவது. கோணத்தையும் சாய்கிற வேகத்தையும் உணரிகளால் அளந்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கி, கூட்டி, அதையே மோட்டாருக்குக் கட்டளையாகக் கொடுப்பார். அமைப்பின் முழு நிலையும் அளக்கப்பட்டுத் திரும்பி வருவதால் இதற்கு நிலைப் பின்னூட்டம் என்று பெயர். துருவங்கள் −2, −3 ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (s+2)(s+3) என்பதை விரித்தால் s² + 5s + 6. நம் கம்பின் சமன்பாடு இந்த வடிவத்துக்கு வர, வேகத்தின் பெருக்கு எண் 5 ஆக வேண்டும். கோணத்தின் பெருக்கு எண் 16 ஆக வேண்டும். அதில் 10 புவியீர்ப்பை ஈடுகட்டிவிடும், மீதி 6 கம்பை நிமிர்த்தும். அதாவது a = 16θ + 5ω. அவ்வளவுதான்.

இங்கே ஓர் ஆசை எழும். −2, −3 எதற்கு, −20, −30 என்று கேட்டால் கம்பு கண்ணிமைப்பதற்குள் நிமிருமே? காகிதத்தில் அதற்கும் தடையில்லை. பெருக்கு எண்கள் 610, 50 என்று வரும். ஆனால் கம்பு 0.1 ரேடியன், அதாவது ஏறத்தாழ 6 பாகை, சாய்ந்திருந்தால் முதல் கட்டுப்பாடு கேட்பது நொடிக்கு நொடி 1.6 மீட்டர் முடுக்கம். இரண்டாவது கேட்பது 61. அது புவியீர்ப்பைப்போல ஆறு மடங்கு. சாதாரண மோட்டார் அதைக் கொடுக்காது. கொடுக்க முடியாதபோது கணக்கில் வந்த துருவங்களும் கிடைக்காது, கம்பு விழுந்துவிடும்.

இது வலிமையின் எல்லை. பெரிய மோட்டார் வாங்கினால் இந்த எல்லை தள்ளிப்போகும். ஆனால் எவ்வளவு பெரிய மோட்டாராலும் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. அதைப் பார்க்க அதே வண்டியில் இன்னொரு கம்பை நட வேண்டும்.

இரண்டு கம்புகளும் 1 மீட்டர், அருகருகே நிற்கின்றன. ஒன்று θ₁ சாய்ந்திருக்கிறது, மற்றது θ₂. இரண்டும் ஒரே வண்டியில் நிற்பதால் இரண்டுக்கும் ஒரே a.

θ₁'' = 10θ₁ − a
θ₂'' = 10θ₂ − a

ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். a காணாமல் போய்விடும். இரண்டு சாய்வுகளுக்கும் இடையிலான வித்தியாசம், வண்டி என்ன செய்தாலும், தன்பாட்டில் 0.22 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே இருக்கும். வண்டி வலப்பக்கம் போனால் இரண்டு கம்பும் ஒரே அளவுக்கு இடப்பக்கம் திரும்பும். ஒன்றை நிமிர்த்தி மற்றதை விடும் வழியே வண்டியிடம் இல்லை. +3.16 என்ற துருவம் அங்கேயே ஆணியடித்தாற்போல் நிற்கும்.

இதில் ஏமாறுவது எளிது. கணினியில் ஒத்திகை பார்க்கிறவர் இரண்டு கம்புகளையும் ஒரே கோணத்தில் சாய்த்துத் தொடங்கினால், வித்தியாசம் சுழியம். சுழியத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் சுழியம்தான். திரையில் இரண்டு கம்பும் அழகாக நிமிரும். உண்மையான வண்டியில் இரண்டு கம்புகள் துல்லியமாக ஒரே கோணத்தில் நிற்பதில்லை. அதனால் வெவ்வேறு கோணங்களில் சாய்த்து ஒத்திகை பார்க்காதவர் வண்டியை ஓட்டும்போதுதான் உண்மையைத் தெரிந்துகொள்வார்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனையை வகுத்தவர் புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ருடால்ஃப் கால்மன். தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பின் முதல் மாநாடு 1960-இல் மாஸ்கோவில் நடந்தபோது, ஓர் அமைப்பு நம் கட்டுப்பாட்டுக்கு அடங்குமா என்ற கேள்வியை அவர் அங்கே முன்வைத்தார். விடை ஆம் என்றால் துருவங்களை விரும்பிய இடத்தில் வைக்கலாம். இல்லை என்றால் சில துருவங்கள் நகரவே நகரா. பல மோட்டார்கள் உள்ள அமைப்புகளுக்கும் இது பொருந்தும் என்று வொன்ஹாம் 1967-இல் நிறுவினார்.

சோதனையின் உள்ளுறை எளிது. மோட்டாரின் ஓர் உந்துதல் முதலில் நேரடியாக எதைத் தொடுகிறது, அங்கிருந்து அமைப்பின் வழியாக அடுத்து எங்கே போகிறது, அதற்கு அடுத்து எங்கே என்று வரிசையாக எழுத வேண்டும். நான்கு எண்களால் விவரிக்கப்படும் அமைப்புக்கு நான்கு படிகள் போதும்: B, AB, A²B, A³B. இவற்றைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஓர் அணி கிடைக்கும். அதன் தரம் 4 என்றால் உந்துதல் எல்லாத் திசைகளையும் எட்டுகிறது. குறைந்தால், எட்டாத திசை ஒன்று இருக்கிறது.

சம நீளக் கம்புகளில், இரண்டு கம்புகளுக்கும் உந்துதல் போகும் முதல் அளவு (1, 1). இரண்டு படி தள்ளி அது (10, 10). இரண்டாவது முதலாவதின் பத்து மடங்கு மட்டுமே, புதிய திசை எதுவும் இல்லை. தரம் 2. ஒரு கம்பை அரை மீட்டராக வெட்டினால் (1, 2), (10, 40) என்று வரும். எதைப் பெருக்கினாலும் ஒன்றிலிருந்து மற்றது வராது. தரம் 4.

இப்போது −2, −3, −4, −5 என்று நான்கு துருவங்களைக் கேட்கலாம். சமன்பாடுகளைத் தீர்த்தால் வருவது இது:

a = −93θ₁ − 29.4ω₁ + 97θ₂ + 21.7ω₂

தலைப்பில் எழுதிய வண்டியும் கம்புகளும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்த வரியால்தான். நீளக் கம்பு மட்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் வண்டி முதலில் இடப்பக்கம் ஓடுகிறது. நம் கை செய்வதற்கு நேர் எதிர். ஆனால் காரணம் இருக்கிறது. வண்டியின் அசைவு குட்டைக் கம்பை இரண்டு மடங்கு வேகமாகச் சாய்க்கும். அதனால் வண்டி முதலில் குட்டையை வலப்பக்கம் நன்றாகச் சாயவிடுகிறது. பிறகு வலப்பக்கம் பாய்ந்து இரண்டையும் சேர்த்து நிமிர்த்துகிறது. நீளத்தில் உள்ள வேறுபாடுதான் அதன் கைப்பிடி.

கணக்குப் போட்டதும் அதைத் திரும்பச் சோதிப்பது நல்ல வழக்கம். துருவங்களின் கூட்டுத்தொகை −14. வேகங்களின் பெருக்கு எண்களில் குட்டைக் கம்புக்குரியதை இரண்டால் பெருக்கிக் கூட்டினால், −29.4 + 43.4, அதுவும் 14. குறி ஒன்று தவறியிருந்தாலும் இங்கே தெரிந்துவிடும். முழுச் சோதனைக்கு, பெருக்கு எண்களைச் சமன்பாட்டில் திரும்ப இட்டுத் துருவங்களை மறுபடி கணக்கிட வேண்டும்.

அந்தக் கைப்பிடி சிறியதாகிப்போனால்? இரண்டாவது கம்பு 90 சென்டிமீட்டர் என்றால் அதே துருவங்களுக்கு θ₂-இன் பெருக்கு எண் 97-இலிருந்து 836 ஆகிறது. 99 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 9200. கோணத்தை அளக்கும் உணரி ஒரு ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினாலே வண்டிக்கு 9.2 முடுக்கம் கட்டளையாகப் போகும். இத்தனைக்கும் தரச் சோதனை, 99 சென்டிமீட்டருக்கும் 4 என்றே சொல்லும். அது ஆம், இல்லை என்று மட்டுமே பேசும். எவ்வளவு சிரமம் என்று சொல்லாது. அதைச் சொல்வது பெருக்கு எண்களின் அளவு.

துருவங்களை மெதுவானவையாகக் கேட்டால் சிரமம் தீருமா என்று பார்த்தேன். கொஞ்சம்தான் குறையும். கம்புகள் விழாமல் நிற்க வேண்டுமானால், 99 சென்டிமீட்டர் கம்புக்கு அந்த எண் 1000-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அரை மீட்டர் கம்புக்கு அந்தத் தரைமட்டம் 20. துருவங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, கம்பின் நீளம் இதை முடிவு செய்துவிடுகிறது.

நகராத துருவம் எல்லாம் ஆபத்தும் இல்லை. இதே இரண்டு கம்புகளும் வண்டிக்குக் கீழே ஊசல்போலத் தொங்கினால், அவற்றின் வித்தியாசமும் நம் பேச்சைக் கேட்காது. ஆனால் கீலின் உராய்வும் காற்றும் சேர்ந்து அதைத் தாமே தேய்த்துவிடும். அதை அப்படியே விட்டுவிடலாம். அதனால் தரம் குறைந்தால் அடுத்துக் கேட்க வேண்டியது, சிக்கிக்கொண்ட துருவம் எது, அதன் குறி என்ன என்பது. நிற்கும் கம்புகளில் அது +3.16. அங்கே எந்தப் பெருக்கு எண்ணும் உதவாது. கணினியை மூடிவிட்டு, ரம்பத்தை எடுத்து ஒரு கம்பைப் பாதியாக அறுக்க வேண்டியதுதான்.