சட்டம் கேட்காத கையுறை

இந்தியாவில் பைக் ஓட்டுபவரின் உடம்பில் சட்டத்துக்கு அக்கறை தலையோடு முடிந்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து, ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. மற்றதெல்லாம் வண்டிக்கான விதிகள்: பின்புறம் பார்க்கும் கண்ணாடி, பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர், பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க ஒரு தடுப்பு. அழகு கெடுகிறது என்று பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைப்பவர் விதியை மீறுகிறார். வெறுங்கையோடு ஓட்டுபவர் எதையும் மீறவில்லை. விபத்தைத் தவிர்க்கும் பொருள்களை வண்டியில் பொருத்தச் சொல்லும் சட்டம், விழுந்தபின் காக்கும் பொருள்களில் ஹெல்மெட்டைத் தாண்டிப் போகவில்லை. அடுத்ததாக ஒன்றைச் சேர்ப்பதென்றால், அது ஜாக்கெட் அல்ல, கையுறைதான் என்பேன்.

விழும்போது கை தானாக முன்னே நீள்கிறது. உள்ளங்கையின் அடிப்பகுதி தாரில் ஊன்றிப் பிடித்துக்கொள்ள, பின்னால் வரும் உடலின் எடை முழுதும் மணிக்கட்டில் இறங்குகிறது. அதனால்தான் நல்ல கையுறைகளில் அந்த இடத்தில் வழுக்கும் கடினத் தகடு வைத்துத் தைக்கிறார்கள்: கை ஊன்றாமல் சறுக்கிவிடும். விபத்தில் சிக்கிய பைக் ஓட்டிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஜாக்கெட் அணிந்தவர்களுக்கு 21 விழுக்காடும் கையுறை அணிந்தவர்களுக்கு 59 விழுக்காடும் குறைவாக இருந்தது. ஆனால் அதே ஆய்வில் சுமார் கால்பங்கு கையுறைகள் விபத்தில் கிழிந்தோ தையல் விட்டோ போயிருந்தன. பிரான்ஸ் 2016 நவம்பரில் கையுறையைக் கட்டாயமாக்கியபோது தரமுத்திரையையும் சேர்த்தே கேட்டது.

நம் வெயிலில் இதெல்லாம் நடக்குமா என்பது நியாயமான கேள்வி. தடித்த ஜாக்கெட்டை மே மாதச் சென்னையில் எல்லோர்மீதும் திணிக்க முடியாது. அது சிராய்ப்பைத் தடுக்கும் அளவுக்கு எலும்பு முறிவைத் தடுப்பதுமில்லை. கையுறைக்கு அந்தச் சங்கடம் குறைவு. மேற்புறம் வலையாகவும் உள்ளங்கை தோலாகவும் இருந்தால் போதும். வெயிலுக்காகப் போடும் பருத்திக் கையுறை தாரில் உரசிய கணமே பிய்ந்துவிடும், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கடையில் மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டு, விரல் நுனிகளைப் பிடித்து இன்னொருவரை இழுக்கச் சொன்னால், கழன்று வருவது எது என்று தெரிந்துவிடும். இரவில் ஓட்டுபவர் கையுறையின் பளீரென்ற பச்சை நிறத்தை நம்பவும் கூடாது. அந்த நிறம் பகலொளியின் புறஊதாக் கதிரை வாங்கித்தான் பளிச்சிடுகிறது. இருட்டில் வேலை செய்வது வெள்ளிப் பட்டை: அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்புகின்றன. பட்டையில் அழுக்கேறினால் அந்த வெளிச்சம் திரும்புவதும் குறைந்துபோகும்.