பாட்டு இல்லாத வீடியோ

எங்கள் தெருப் பெண் ஒருத்தி அமெரிக்கக் கல்லூரிகளில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கேட்டு அனுப்பிய முதல் வீடியோவை எடுத்தவர் ஒரு கல்யாண வீடியோகிராபர். ட்ரோன் கோர்ட்டை வலம் வரும், பந்து ஸ்லோ மோஷனில் மிதக்கும், பின்னால் சினிமாப் பாட்டு ஒலிக்கும். நாலு நிமிடத்தில் அவள் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. முப்பது கோச்சுகளுக்கு அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை.

இரண்டாவது வீடியோவை அவள் அப்பாவே எடுத்தார். கோர்ட்டின் பின்பக்கக் கம்பிவேலியில், ஆள் உயரத்துக்கு மேலே போனைக் கட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால்தான் முழு கோர்ட்டும் எதிராளியும் ஒரே பார்வையில் தெரியும். தொடக்கத்தில் பெயர், உயரம், பிளஸ் டூ முடிக்கும் ஆண்டு, எந்தப் பக்கம் ஆடுகிறாள், என்ன நிறத் தொப்பி என்ற விவரம். பிறகு ஒரு நிமிடம் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், வாலி, சர்வ். மீதியெல்லாம் வெட்டாத மேட்ச். தோற்ற பாயிண்ட்டுகளும் அதில் இருந்தன. பாட்டு இல்லை. இந்தத் தடவை நாலு பேர் பதில் போட்டார்கள்.

காரணம் எளிது. ஒருத்தி எவ்வளவு நன்றாக ஆடுவாள் என்பதைக் கோச் வீடியோவில் தேடுவதில்லை. அதற்கு யு.டி.ஆர். என்ற எண் இருக்கிறது. யாரோடு ஆடி என்ன ஸ்கோர் வந்தது என்பதை வைத்து, உலகத்து ஆட்டக்காரர்களையெல்லாம் 1 முதல் 16.5 வரையிலான ஒரே அளவுகோலில் அது நிறுத்திவிடுகிறது. கோச் முதலில் பார்ப்பது அதைத்தான். எண்ணில் தெரியாததைத்தான் வீடியோவில் தேடுவார். அடித்த பிறகு கால் நடுக்கோட்டுக்குத் திரும்புகிறதா, நெருக்கடியில் இரண்டாவது சர்வ் சுருங்குகிறதா, ஒரு பாயிண்ட் போனதும் ராக்கெட்டை வீசுகிறாளா? தவறே இல்லாத வீடியோவில் இவற்றில் ஒன்றும் தெரியாது. தடகளத்தில் வீடியோவின் வேலை இன்னும் குறைவு. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான தேஜஸ்வின் சங்கர் 2016இல் கோவையில் 2.26 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். அப்படி ஓர் உயரத்தைக் காட்டிய பிறகு யாரும் வீடியோவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அவர் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய் 2018, 2022 இரண்டிலும் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனார்.

ஸ்காலர்ஷிப் என்றதும் நம் வீடுகளில் எல்லாச் செலவும் இலவசம் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் வருவது ஒரு சதவீதம்தான். ஒரு கல்லூரியின் ஆண்டுச் செலவு 60,000 டாலர், அதில் பாதி தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 30,000 டாலரை வருடா வருடம் அப்பாதான் கட்ட வேண்டும். அதனால் சதவீதத்தைக் கேட்டுச் சந்தோஷப்படாமல், கைக்காசு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி உண்டு, அது வேறு கணக்கு.

பணத்தைவிட அதிகமாகக் கவிழ்ப்பது தகுதி விதி. நம் பிள்ளைகள் பலரும் செய்யும் ஒரு காரியம், பிளஸ் டூ முடித்துவிட்டு, "ஒரு வருஷம் டோர்னமெண்ட் ஆடி ரேங்க்கை ஏத்திக்கிட்டுப் போறேன்" என்பது. முதல் பிரிவில் டென்னிஸுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் விதிப்படி, பள்ளி முடிந்து ஆறு மாதத்துக்குள் கல்லூரியில் சேர்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட்டு, இடையில் போட்டிகளிலும் ஆடியிருந்தால், கல்லூரிக்காக ஆடும் ஆண்டுகளில் ஒன்றை இழந்து, முதல் வருடம் களமிறங்காமல் உட்கார வேண்டிவரும். மார்ச்சில் தேர்வு எழுதி ஆகஸ்ட்டில் சேர்ந்தால் தொல்லை இல்லை. அடுத்த ஆகஸ்ட் என்றால், ஏற்றிக்கொண்ட ரேங்க்கே எதிராளி. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே சேரும் ஆண்டின் விதி எதுவோ அதைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கண்ணி பிளஸ் ஒன்னிலேயே வைக்கப்படுகிறது. முதல் பிரிவுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து மொத்தம் 16 பாட அலகுகள் வேண்டும். அதில் ஆங்கிலம் நாலு வருடம், கணக்கு மூன்று வருடம். பயிற்சிக்கு நேரம் கிடைக்கட்டும் என்று கணக்கு இல்லாத குரூப்பை எடுத்தால், ஒன்பதும் பத்தும் சேர்த்து இரண்டு வருடக் கணக்குதான் கையில் இருக்கும். குரூப் எடுக்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிய வேண்டும். பிளஸ் டூவில் தெரிந்துகொண்டு பயனில்லை.

நடுவில் வரும் ஏஜெண்டுகளையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட தொகை வாங்கிக்கொண்டு விவரங்களைத் திரட்டிக் கொடுப்பது அனுமதிக்கப்பட்டதுதான். "ஸ்காலர்ஷிப் கிடைச்சா அதுல பத்து பர்சென்ட் கொடுங்க" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தம் பிள்ளையின் தகுதிக்கே உலை வைக்கும்.

எல்லாக் கதவும் முதல் பிரிவில்தான் திறக்கும் என்றும் இல்லை. மதுரைக்காரரான தக்ஷிணேஸ்வர் சுரேஷ் முதலில் ஆடியது என்.சி.ஏ.ஏ.வில் இல்லாத ஜார்ஜியா குவின்னட் கல்லூரிக்கு. அங்கிருந்து வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2025இல் தேசியக் கோப்பை வென்ற அணியில் ஆடினார். அதே ஆண்டு டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கும் ஆடினார்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் படிப்பு தன் வேலையைக் காட்டுகிறது. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரப் பயிற்சிதான், ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று விதி சொல்கிறது. ஆனால் ஒரு மேட்ச் நாள் முழுதும் மூன்று மணி நேரமாகத்தான் கணக்கு. பஸ் பயணமும் பிசியோவிடம் கிடக்கும் நேரமும் கணக்கிலேயே இல்லை. மதியம் பயிற்சி என்பதால், மதியத்தில் லேப் வைத்திருக்கும் பாடங்களை எடுப்பது பெரும்பாடு.

நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் இறுக்கம் விசாவில் இருக்கிறது. எஃப்-1 விசாவில் இருப்பவர் ஒரு பருவத்துக்கு 12 கிரெடிட் படித்தே ஆக வேண்டும். அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் சேரும். அமெரிக்கத் தோழி பயண மாதங்களில் மூன்று ஆன்லைன் வகுப்பு எடுத்துச் சமாளிப்பாள், இவளால் முடியாது. ஒரு பாடம் வரவில்லை என்று பாதியில் விட்டு 12க்குக் கீழே இறங்கினால் ஆட்டத் தகுதி, விசா இரண்டும் ஒரே நாளில் ஆடிப்போகும். முதல் பிரிவில் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும் என்றும் உண்டு. இரண்டு வருடம் படித்துவிட்டுத் துறை மாற்றினால், படித்த பாடங்களில் பாதி புதுத் துறையில் செல்லாமல் போய் இந்தக் கணக்கு இடறும். எங்கள் தெருப் பெண்ணுக்கு உளவியலுக்கு மாற ஆசை. ஆலோசகர் பென்சிலால் கூட்டிப் பார்த்ததில் 34தான் வந்தது. புள்ளியியலிலேயே இருந்துவிட்டாள்.

போன மாதம் பேசியபோது வெளியூர் ஹோட்டல் ஒன்றின் லாபியில் இருந்தாள். "அங்கிள், எக்ஸாம் ஆரம்பிக்கப் போகுது, அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். கல்லூரி தேர்வுத்தாளை உதவிக் கோச்சுக்கு அனுப்பியிருந்ததாம். அவர் எதிரில் வாட்ச்சைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மேட்ச் பத்து மணிக்கு.