நாட்டை மாற்ற வேண்டாம், முதலில் சந்தாவை நிறுத்துங்கள்

ஜெர்மனியில் முதுகலை முடித்துவிட்டுக் கோயம்புத்தூர் திரும்பிய ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அங்கே இருந்தபோது ஐபோனில் ஒரு மொழிப் பயிற்சிச் செயலிக்கு மாதம் 9.99 யூரோ சந்தா கட்டி வந்தார். இப்போது அது தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி அவருடைய ஜெர்மன் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கிறது. செயலியைப் போனிலிருந்து அழித்தும் பார்த்தார், பணம் போவது நிற்கவில்லை. செயலியை அழிப்பதற்கும் சந்தா நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து வரும் யோசனை, கணக்கின் நாட்டை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு ரத்து செய்யலாம் என்பது. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். சந்தா ஓடிக்கொண்டிருக்கும் வரை நாட்டை மாற்ற ஆப்பிள் அனுமதிக்காது. முதலில் சந்தாவை ரத்து செய்து, பணம் கட்டிய காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். கணக்கில் கிஃப்ட் கார்டு பணம் மிச்சமிருந்தால் அதையும் தீர்த்திருக்க வேண்டும். ஆனால் ரத்து செய்வதற்கு நாட்டை மாற்றவே தேவையில்லை, இந்திய கார்டும் வேண்டாம். சந்தா அந்தக் கணக்கோடு ஒட்டியது என்பதால் கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே நிறுத்திவிடலாம்.

திரை முழுக்க ஜெர்மன் மொழியாக இருந்தால், மாற்ற வேண்டியது போனின் மொழியை மட்டும்தான். சாம்பல் நிறப் பல்சக்கரப் படமுள்ள "Einstellungen" போய், "Allgemein", அதற்குள் "Sprache & Region" சென்று ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்டோர் ஜெர்மனியிலேயே இருக்கும், சந்தாவுக்கும் ஒன்றும் ஆகாது. அப்படியும் சில மின்னஞ்சல்களும் விலைத் திட்டங்களின் பெயர்களும் ஜெர்மனிலேயே வரலாம்.

மொழியை மாற்றாமலும் செய்யலாம். செட்டிங்ஸின் உச்சியில் உங்கள் பெயரைத் தொட்டு, "Abonnements" என்பதைத் திறந்து, செயலியைத் தேர்ந்தெடுத்து, கீழே இறங்கினால் "Abo kündigen" இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஜெர்மன் திரைகளில் "Abbrechen" என்று ஒரு பொத்தான் வந்தால், அது செய்யும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் போவதற்கு. சந்தாவை முறிப்பது "kündigen". கேமராவில் மொழிபெயர்த்துப் பார்ப்பவருக்கு இரண்டுமே 'ரத்து' என்று தெரியலாம்.

நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள மொழி தேவையில்லை. அதே பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். ரத்துப் பொத்தான் காணாமல் போயிருந்தால், அல்லது முடியும் தேதி சிவப்பு எழுத்தில் இருந்தால், வேலை முடிந்தது. கட்டிய காலம் வரை செயலியைப் பயன்படுத்தலாம். இலவச முன்னோட்டமாக இருந்தால், முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

பட்டியலில் சந்தாவே இல்லையென்றால்? ஒரே ஐபோனில் ஐகிளவுடுக்கு ஒரு கணக்கும் ஸ்டோருக்கு வேறு கணக்கும் இருக்கலாம். ஆப் ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டுப் பாருங்கள். மின்னஞ்சலில் "Rechnung von Apple" என்று தேடினால், எந்தக் கணக்கில் பணம் போகிறது என்பது ரசீதில் தெரியும். ஆப்பிளின் ரசீதே வராவிட்டால், சந்தா அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக எடுத்ததாக இருக்கலாம். அப்போது அங்கேதான் நிறுத்த வேண்டும். இணையத்தில் சந்தா விற்கும் நிறுவனங்கள் ரத்துப் பொத்தான் வைக்க வேண்டும் என்ற ஜெர்மன் சட்டம் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. தளத்தின் அடியில் "Verträge hier kündigen" என்று தேடுங்கள்.

வங்கிக் கணக்கை மூடிவிட்டால் தானாக நின்றுவிடும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம் வராவிட்டால் ஆப்பிள் 60 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். செலுத்தாத தொகை கணக்கில் தொங்கினால், அடுத்து எதையும் வாங்க முடியாமல் போகலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது சிம் கார்டு. புதிய போனில் அந்தக் கணக்கைத் திறக்க, ஆறு இலக்கக் குறியீடு நம்பகமான எண்ணுக்கு வரும். ஜெர்மன் சிம்மை ஒப்படைத்த பிறகு, பழைய போனும் கையில் இல்லையென்றால், கணக்கை மீட்கவே பல நாட்கள் ஆகும். அதுவரை பணமும் போய்க்கொண்டிருக்கும். ஆப்பிள் கணக்கின் நாடு எதுவானாலும் நம்பகமான எண்ணாக இந்திய எண்ணைச் சேர்க்கலாம். எனவே ஜெர்மன் சிம் உயிரோடு இருக்கும்போதே இந்திய எண்ணைச் சேர்த்து, சந்தாவை நிறுத்தி, காலம் முடிந்ததும் நாட்டை மாற்றுங்கள். சிம்மைக் கடைசியில் ஒப்படைத்தால் போதும்.