ஒளிப்படத்தில் வந்த வினாவும் பின்னலான மடக்கின் நேரச் சிக்கல்தன்மையும்

வினாத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்துப் பகிரும்போது i என்னும் எழுத்தும் 1 என்னும் எண்ணும் ஒன்றுபோலத் தோன்றுவதுண்டு. கீழ்க்காணும் நெறிமுறையின் கடைசி வரி அவ்வாறு மங்கியிருப்பதாகக் கொள்வோம்.

```
c = 0
for i in range(1, n + 1):
    j = i
    while j <= n:
        c = c + 1
        j = j + i
```

அவ்வரி `j = j + 1` எனில், உள்மடக்கு i = 1 ஆகும்போது n முறையும், i = 2 ஆகும்போது n − 1 முறையும் இயங்கி, இறுதியில் ஒரு முறை மட்டும் இயங்கும். மொத்தம் n(n + 1)/2. மாறிலிப் பெருக்கியையும் சிறிய உறுப்பையும் நீக்கினால் வளர்ச்சி O(n²).

`j = j + i` எனில் கணக்கு வேறு. j இப்போது i-இன் மடங்குகளில் மட்டுமே கால்வைக்கிறது. எனவே உள்மடக்கு n/i-இன் முழு எண் பகுதி அளவே இயங்கும். n = 8 எனில் 8 + 4 + 2 + 2 + 1 + 1 + 1 + 1 = 20 முறை; முந்தைய வடிவில் இது 36. வேறுபாடு சிறிதுதான். ஆனால் n = 1000 ஆகும்போது ஒன்று 7069 முறையும் மற்றொன்று 5,00,500 முறையும் இயங்கும்.

இந்த மொத்தம் n(1 + 1/2 + 1/3 + … + 1/n) என்பதை மீறாது. அடைப்பிலுள்ள கூட்டலை 1, 1/2, 1/3, 1/4 முதல் 1/7 வரை எனப் பிரித்தால், ஒவ்வொரு குழுவின் உறுப்பு எண்ணிக்கையும் முந்தையதைப்போல் இருமடங்காகிறது. இரண்டாம் குழுவில் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றும் 1/2-ஐ மீறாது. மூன்றாம் குழுவில் நான்கு. ஒவ்வொன்றும் 1/4-ஐ மீறாது. ஆகவே எக்குழுவின் கூட்டலும் 1-ஐ மீறாது. n வரை செல்ல ஏறத்தாழ log₂ n குழுக்களே தேவை. எனவே வளர்ச்சி O(n log n).

‘இரண்டு மடக்குகள் இருந்தால் n²’ என்று மனப்பாடம் செய்தவர் இங்கே தவறுவார். மடக்குகளின் எண்ணிக்கையன்று, உள்மடக்கின் மாறி எத்தனை படிகளில் n-ஐக் கடக்கிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. O என்பது மேல்வரம்பு ஆதலால் இரண்டாம் வடிவை O(n²) என்பதும் பொய்யன்று. எனினும் வினா கேட்பது மிக நெருங்கிய வரம்பையே.

விடைத்தெரிவுகளில் இரண்டும் இடம்பெற்றிருந்தால் அவற்றைக்கொண்டு மங்கிய எழுத்தை ஊகிக்க இயலாது. படத்தைப் பெரிதாக்கி, `j = i` வரியிலுள்ள i-யுடனும் `c = c + 1` வரியிலுள்ள 1-உடனும் அதனை ஒப்பிடுதல் வேண்டும். i-இன் மேலுள்ள புள்ளி மறைந்திருந்தாலும், அதன் தண்டு 1-இன் தண்டைவிடக் குட்டையாகவே பெரும்பாலான அச்செழுத்துகளில் அமைந்திருக்கும்.