மொத்தக் கூட்டல் மறைக்கும் சம்பளக் கணக்கு

மாதம் முடிந்ததும் நிதித் தலைவரின் மேஜைக்கு ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு துறையின் சம்பளத்துக்கும் பட்ஜெட்டில் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். பலர் கடைசி வரியில் உள்ள மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். அதில் என்ன தவறிப்போகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம்.

ஒரு பின்னலாடை நிறுவனம். தையல் பிரிவுக்கு 40 பேர், ஆளுக்கு 15,000 ரூபாய் என்று 6 லட்சம் ஒதுக்கீடு. பேக்கிங் பிரிவுக்கு 3 லட்சம். மாத முடிவில் மொத்தச் செலவு 9,03,000. ஒதுக்கியதைவிட 3,000 ரூபாய்தான் கூடுதல். எல்லாம் சரி என்றே தோன்றும்.

துறைவாரியாகப் பிரித்தால் கதை மாறுகிறது. தையலில் 48,000 ரூபாய் கூடியிருக்கிறது. பேக்கிங்கில் 45,000 குறைந்திருக்கிறது. ஒன்றை ஒன்று மறைத்துவிட்டது.

தையல் பிரிவில் உண்மையில் இருந்தவர்கள் 36 பேர்தான். நான்கு இடங்கள் காலி என்பதால் 60,000 ரூபாய் மிச்சம். ஆனால் ஆர்டரை முடிக்க ஓவர்டைமுக்கு 1,08,000 போயிருக்கிறது. தொழிற்சாலையில் ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி தர வேண்டும். மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 144 ரூபாய். அதாவது 750 மணி நேரம். நான்கு பேர் சாதாரண வேலை நேரத்திலேயே செய்திருக்கக்கூடிய வேலை அது. ஆள் எடுக்காததால் வந்த செலவு இது.

பேக்கிங்கில் குறைந்த பணமும் சேமிப்பல்ல. ஆள் அனுப்பிய கான்ட்ராக்டரின் பில் வரவில்லை. வேலை முடிந்துவிட்ட அந்தத் தொகையை உத்தேசமாகக்கூட யாரும் கணக்கில் ஏற்றவில்லை. அடுத்த மாதம் அது சேர்ந்து வந்து நிற்கும்.

அதனால் சிவப்புக் குறி கூடுதலுக்கு மட்டுமல்ல, குறைவுக்கும் வேண்டும். எந்த வித்தியாசத்துக்குக் குறியிடுவது என்ற எல்லையையும் முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும். 5 சதவீதம், 25,000 ரூபாய் ஆகிய இரண்டையும் தாண்டினால் குறி என்று வைக்கலாம். சதவீதத்தை மட்டும் பார்த்தால், மூன்று பேர் உள்ள சிறு துறை ஒருவர் விடுப்பு எடுத்தாலே சிவப்பாகும். தொகையை மட்டும் பார்த்தால் பெரிய துறை மாதந்தோறும் சிவப்பாகவே இருக்கும்.

பொய்க் குறிகளும் உண்டு. தீபாவளி போனஸைப் பட்ஜெட்டில் பன்னிரண்டு மாதங்களுக்கும் பகிர்ந்துவிட்டு, கணக்கில் மட்டும் கொடுத்த மாதத்தில் எழுதினால், பதினோரு மாதம் குறைவும் ஒரு மாதம் பெரும் கூடுதலும் தெரியும். மாதாமாதம் அதற்கான ஒதுக்கீட்டைக் கணக்கிலும் எழுதிவந்தால் இந்தக் குழப்பம் வராது.

குறியிட்ட ஒவ்வொரு வரியின் எதிரிலும் காரணம் என்ன, அது அடுத்த மாதமும் தொடருமா என்ற இரண்டுக்கும் துறைத் தலைவர் பதில் எழுத வேண்டும். தையலுக்கு “தொடரும், நான்கு பேரை எடுக்கும்வரை” என்று பதில் வந்தால், ஆள் எடுக்க அன்றே அனுமதி தரலாம். பேக்கிங்குக்கு 45,000 ரூபாயை இந்த மாதக் கணக்கிலேயே ஏற்றச் சொல்லலாம். அப்போது மொத்தத்தில் உண்மையான கூடுதல் 3,000 அல்ல, 48,000 என்பது வெளியே வரும்.