உஷார்! பஸ் குழுவில் பழகியவர் ‘பணம் மாற்றித் தருகிறேன்’ என்கிறாரா?

ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் பெண்களே, தம்பிகளே, ஒரு நிமிடம் நின்று இதைப் படியுங்கள். ‘என்னிடம் என்ன இருக்கிறது, என்னை யார் ஏமாற்றப்போகிறார்?’ என்று நினைப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

உங்களிடம் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது அல்லவா? அதுதான் அவர்களுக்கு வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு நடந்தது இது. பெயர் வேண்டாம். வீடு ஜொகூர் பாருவில். விடியுமுன் எழுந்து, 170ஆம் எண் பஸ் பிடித்து, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் இறங்கி, குடிநுழைவு வரிசை முடிந்து, மறுபடி பஸ் ஏறி, தேக்காவுக்குப் பக்கத்தில் இறங்குவாள். அந்தப் பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும், பாலத்தில் நெரிசல் எப்படி என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் அன்றைய நாளே போச்சு. அதற்காகவே டெலிகிராமில் குழுக்கள் இருக்கின்றன. ‘சாவடி காலி’, ‘170க்கு நீள வரிசை’, ‘மழை, மெதுவாக நகர்கிறது’ என்று ஆளாளுக்குப் போடுவார்கள். நல்ல காரியம்தான். ஆயிரக்கணக்கானவர்கள் அதை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்.

இவள் தினமும் தவறாமல் போடுவாள். ‘5.10, பஸ் ஏறியாச்சு.’ ‘5.45, உட்லண்ட்ஸ், கூட்டம் குறைவு.’

ஒருநாள் கீழே ஒரு பதில் வந்தது. ‘நீங்க போஸ்ட் போட்டாத்தான் எனக்கு விடியுது.’ குழுவில் நாலு பேர் சிரிப்பு போட்டார்கள். அவளும் போட்டாள். மறுநாள், ‘என் அலாரம் இன்னிக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு.’ அதற்கடுத்த நாள் தனிச் செய்தி. ‘நானும் 170தான். உங்களுக்கு அடுத்த பஸ். எப்பவும் ஒரு பஸ்ஸில் உங்களைக் கோட்டை விடுறேன்.’

பேச்சு சுவாரசியமாகத்தான் இருந்தது. ரெண்டு மணி நேரம் பஸ்ஸிலும் வரிசையிலும் தூங்கிவழிகிற ஒரு மனுஷிக்கு, கேலி பேச ஒரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அவளைக் குறை சொல்ல நான் வரவில்லை. பழகுவது பாவமில்லை. ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்.

அவள் நேரம், அவள் பஸ், அவள் இறங்குமிடம் எல்லாம் அவளே எழுதியதுதான். அவன் சொந்தமாகச் சொன்னது ஒன்றுகூட இல்லை.

பின்னால் அவள் அந்தக் குழுவை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தபோது கண்டுபிடித்தாள். ‘வரிசை’ என்று அவன் போட்ட படம், நாலு நாளைக்கு முன் வேறொருவர் போட்ட படம். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமைக் காலையில் போட்டிருக்கிறான். அவன் சொன்ன நிலவரம் எல்லாம், யாராவது சொல்லிப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்திருக்கிறது. அவன் ஒருநாளும் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. பாலத்தைப் பார்த்தவனா என்றே தெரியாது.

அடுத்து சம்பள நாள் வந்தது.

பாலம் தாண்டி வேலை செய்யும் எல்லாருக்கும் உள்ள கவலை ஒன்றுதான்: வெள்ளியை ரிங்கிட்டாக மாற்ற வேண்டும், நல்ல விகிதம் கிடைக்க வேண்டும். அவன் சொன்னான், ‘எனக்கு வெள்ளி வேணும், உனக்கு ரிங்கிட் வேணும். கடைக்கு எதுக்கு லாபம்? நாம ரெண்டு பேரும் மாத்திக்கலாம்.’ (‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று அவளுக்கே நினைவில்லை.) நாணயமாற்றுக் கடையைவிட நூறு வெள்ளிக்கு ஐந்து ரிங்கிட் கூடுதல். அவள் இருநூறு வெள்ளியை பேநவ் வழியாக அனுப்பினாள். பத்து நிமிடத்தில் மலேசியக் கணக்கில் ரிங்கிட் வந்துவிட்டது. சொன்னபடி, ஒரு சென் குறையாமல்.

அனுப்பியவர் பெயர் மட்டும் வேறு. ‘அது என் சித்தப்பா பையன் கணக்கு’ என்றான்.

அபாய மணி அடித்தது இங்கேதான். அந்த மூன்றாம் ஆள் பெயர். அவள் கேட்டாள், பதில் வந்தது, விட்டுவிட்டாள். பணம்தான் சரியாக வந்துவிட்டதே!

இரண்டு மூன்று முறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் நம்பிக்கை ஒரு படி ஏறியது. பிறகு ஒருநாள் திசை மாறியது. ‘என் கணக்குக்கு இன்னிக்கு வரம்பு முடிஞ்சிருச்சு. மூவாயிரம் வெள்ளி உன் கணக்குக்கு வரும். நூறு நீ வெச்சுக்கோ, மீதியை இந்த நம்பருக்கு பேநவ் பண்ணிடு. சாயங்காலம் ஒரே பஸ்ல போவோம், சத்தியமா.’

வந்தது. அனுப்பினாள். சாயங்காலம் அவன் வரவில்லை.

மூன்றாம் நாள் கடையில் மதியச் சாப்பாட்டுக்குக் காசு கட்டப் போனாள், கட்டணம் நிராகரிக்கப்பட்டது. கணக்கு முடக்கம். அதிலிருந்த சம்பளமும் சேர்த்து. அன்று மாலையே காவல்துறையிலிருந்து வாக்குமூலத்துக்கு அழைப்பு. அந்த மூவாயிரம் யாருடையது தெரியுமா? வங்கி அதிகாரி பேசுகிறேன் என்று போனில் வந்த குரலை நம்பிய ஒரு முதியவருடையது. அவர் புகாரில் எந்தப் பெயர் இருக்கும்? அவன் பெயர் இல்லை. அவருடைய பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் பெயர். இவள் பெயர்.

சரி, அவன் செய்திகளைக் காட்டலாம் என்று கைபேசியைத் திறந்தாள். ஒன்றுமே இல்லை. டெலிகிராமில் தனிப் பேச்சை ஒருவர் அழித்தால், விரும்பினால் எதிராளியின் கைபேசியிலிருந்தும் அழித்துவிடலாம். பலருக்கு இது தெரியாது. கேலி, கொஞ்சல், ‘நூறு நீ வெச்சுக்கோ’, எல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது வங்கிப் பதிவு ஒன்றுதான். அதில் அவள் பெயர் மட்டும்.

‘எனக்குத் தெரியாதே!’ என்றால் விட்டுவிடுவார்களா? விட மாட்டார்கள், அம்மா. சிங்கப்பூரில் 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2024 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. தெரிந்து செய்தால்தான் குற்றம் என்றில்லை. சந்தேகப்படக் காரணம் இருந்தும் கவனமில்லாமல் கணக்கைப் பயன்படுத்த விட்டாலும் குற்றம். கவனக்குறைவுக்கு மட்டுமே 150,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சிங்பாஸ் கடவுச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுத்தால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு: விசாரணை முடியும்வரை நிம்மதி போகும், முடிவு பாதகமானால் வேலையும் போகும்.

2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. இவ்வளவு பணமும் யாரோ ஒருவரின் கணக்கு வழியாகத்தான் கைமாறுகிறது. அந்த ‘யாரோ ஒருவர்’ பல சமயம் இவளைப் போன்றவர்தான்.

இனி அடையாளங்களைச் சொல்கிறேன். மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்புபவர் பெயரும் பேசுபவர் பெயரும் வேறா? அங்கேயே நிறுத்துங்கள். சித்தப்பா பையன், கூட்டாளி, முதலாளி என்று என்ன காரணம் சொன்னாலும் சரி. பேநவில் நீங்கள் அனுப்பும்போதும், உறுதிசெய்யும் முன் எதிராளியின் பதிவுப் பெயர் திரையில் வரும். அவசரத்தில் அதைத் தாண்டி அழுத்தாதீர்கள். மற்ற எல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

ஒரே பாதையில் போகிறவர், ஒருநாளும் கண்ணில் படவில்லையா? உட்லண்ட்ஸ் பஸ் வரிசையில், எல்லாரும் நிற்கும் இடத்தில், பகலில் ஐந்து நிமிடம் சந்திக்கச் சொல்லுங்கள். அல்லது இந்த நிமிடம் எதிரே என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பாலத்தில் நிற்பவருக்கு அது ஒரு கேள்வியே இல்லை. இருமுறை நழுவினால் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் நேரில் வந்துவிட்டார் என்பதற்காகக் கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள்! நேரில் வருகிற ஆட்களும் உண்டு.

கடையைவிட நல்ல விகிதமா? ஏன் என்று கேளுங்கள். திருட்டுப் பணத்தை வைத்திருப்பவனுக்கு ஐந்து ரிங்கிட் நஷ்டமே இல்லை. அவன் வாங்குவது சுத்தமான பணம். நாணயம் மாற்றும் தொழிலுக்கு சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் வேண்டும். செராங்கூன் சாலைப் பக்கமே உரிமம் பெற்ற கடைகள் இருக்கின்றன. 2023 நவம்பர் முதல் பேநவும் மலேசியாவின் டுயிட்நவும் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சேவை உள்ள வங்கி வழியாக நேராக அனுப்பலாம். விகிதம் கொஞ்சம் குறையலாம். குறையட்டும்!

தெரியாத பணம் ஏற்கெனவே கணக்கில் விழுந்துவிட்டதா? தொடாதீர்கள். ‘தப்பா வந்துருச்சு, இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்பு’ என்று யார் கெஞ்சினாலும், மிரட்டினாலும் நீங்களாக அனுப்பாதீர்கள். அந்த நம்பர் வேறொருவருடையது. வங்கியை அழைத்துச் சொல்லுங்கள், வங்கி பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால், சண்டை போடுவதற்கும் முன்னால், பேச்சு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவனுடைய பயனர் பெயர், தொலைபேசி எண், படம், குழுவில் போட்ட செய்தி எல்லாம். நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள் என்று தெரிந்த நொடியில் அவன் அழித்துவிடுவான்.

சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணை அழையுங்கள். சந்தேகம் கேட்கவும் அழைக்கலாம், புகார் இருந்தால்தான் என்றில்லை. மலேசியாவில் 997. அங்கே ஒரு கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பும் முன், அதன்மேல் போலீஸ் புகார் இருக்கிறதா என்று semakmule.rmp.gov.my தளத்தில் பார்க்கலாம். அங்கே புகார் இல்லை என்பதால் ஆள் நல்லவர் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். புதுக் கணக்கு இன்னும் அந்தப் பட்டியலுக்கு வந்திருக்காது.

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், கண்ணுகளா. அந்தப் பெண் முதல் முறை வேறு பெயர் பார்த்த அன்றே கடையில் கூட வேலை செய்யும் அக்காவிடம் சொல்ல நினைத்திருக்கிறாள். ‘யாரந்த ஆளு?’ என்று கேட்டுவிடுவாரோ என்ற கூச்சத்தில் சொல்லவில்லை. அக்கா ஒரு வார்த்தையில் தடுத்திருப்பார்.

இன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். தெரியாத பெயரிலிருந்து ஒரு வரவாவது இருக்கிறதா? இருந்தால், பஸ் பாலத்துக்கு வருமுன் 1799க்கு போன் போடுங்கள்.