நால்வர் எழுதினாலும் கட்டுரை ஒன்றுதான்

கல்லூரியில் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 2,000 சொல்லில் ஓர் ஆய்வுக் கட்டுரை தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: உழவர் சந்தையால் யாருக்கு லாபம்? உடனே ஆளுக்கு 500 சொல் என்று பிரித்துக்கொள்வார்கள். பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் நியாயமில்லை. 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டத்தின் வரலாற்றை நூலகத்தில் ஒரே நாளில் எழுதிவிடலாம். விலை ஒப்பீட்டுக்கோ விடியற்காலையில் பல நாள் சந்தைக்குப் போக வேண்டும். அதனால் சொல்லை எண்ணாமல், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதிப் பிரிக்க வேண்டும். வரலாறு எழுதுபவரே அட்டவணைகளையும் மேற்கோள் பட்டியலையும் ஏற்றுக்கொண்டால் சுமை சமமாகும்.

பிரிப்பதற்கு முன் நால்வரும் கூடி, கட்டுரை சொல்லப்போகும் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். ‘விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கிறது, ஆனால் விற்க உட்காரும் நேரத்தில் வயல் வேலை கெடுகிறது.’ தகவல் திரட்டிய பின் இது மாறலாம். ஆனாலும் தன் பகுதி எதற்கு உதவ வேண்டும் என்பது அவரவருக்குத் தெரிந்திருக்கும்.

குறித்த நாளில் ஒருவர் எழுதித் தரவில்லை என்றால், முதலில் ஒருவர் மட்டும் தனியாகப் பேசி எங்கே சிக்கியிருக்கிறது என்று கேட்க வேண்டும். பேட்டி எடுத்துவிட்டு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடுகிறோம். வேலையைச் சிறிதாக்கி, புதிய தேதியைக் குழுவில் எழுதிவைக்கலாம். அதுவும் தவறினால் ஆசிரியரிடம் போகலாம். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால், அங்கே யார் எப்போது எழுதினார்கள் என்பது பதிவாகியிருக்கும்.

கடைசி ஒரு வாரத்தை இணைப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும். பகுதிகள் முரண்படுவது அப்போதுதான் தெரியவரும். ஒருவர் சந்தையில் தக்காளி மலிவு என்கிறார், இன்னொருவர் விலை அதிகம் என்கிறார். ‘ஓரளவு மலிவு’ என்று பூசி மெழுகக் கூடாது. குறிப்பேடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்னவர் மளிகைக் கடையின் சில்லறை விலையோடும் பின்னவர் மொத்த மண்டி விலையோடும் ஒப்பிட்டிருப்பது தெரியும். அந்த வேறுபாட்டையே கட்டுரையில் எழுத வேண்டும்.

பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் தனித்தாளில் வரிசையாக எழுதிப் படிக்க வேண்டும். தொடர்ச்சி அறும் இடத்தில் பத்தியை இடம் மாற்றவோ வெட்டவோ வேண்டும். இறுதித் திருத்தத்தை ஒருவரே செய்தால் நடை ஒன்றாக இருக்கும். ஆனால் பொருளை மாற்றும் திருத்தத்துக்கு அதை எழுதியவரின் சம்மதம் வேண்டும். முன்னுரையைக் கடைசியில்தான் எழுத வேண்டும்.

சமர்ப்பிக்கும் முன், ஒவ்வொருவரும் தான் எழுதாத ஒரு பகுதியை மற்றவர்களுக்கு விளக்கட்டும். யாராவது திணறினால் அந்தப் பகுதி இன்னும் கட்டுரையோடு சேரவில்லை.